கடலடி வீடியோவும் மீன்தொட்டி வீடியோவும்: போன சிவப்பை மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்கிசைக்கு அப்பால் சுழியோடப் போகிறவர்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் என்னிடம் கொண்டுவருவது ஒரே மாதிரி வீடியோதான். எல்லாம் நீலம், அல்லது எல்லாம் பச்சை. கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை வைத்தே விளக்குகிறேன். வேறு மென்பொருள் பாவிப்பவர்களுக்கும் அதே கட்டுப்பாடுகள் வேறு பெயரில் இருக்கும்.

அண்ணா, கண்ணுக்கு நல்லா கலரா தெரிஞ்சது, வீடியோவில மட்டும் ஏன் முழுக்க நீலமா வருது?

தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். சுத்தமான தண்ணீரில் 650 நானோமீற்றர் அளவிலுள்ள சிவப்பு ஒவ்வொரு 2 மீற்றருக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. 10 மீற்றர் ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பில் இருந்ததில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். நீலமோ அதே 10 மீற்றரில் நூற்றுக்கு ஒன்பது பங்கைத்தான் இழக்கிறது. செம்மஞ்சள் சிவப்பைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், மஞ்சள் அதைவிட. கமராவின் சிவப்புச் சேனல் செம்மஞ்சளையும் சேர்த்தே பார்ப்பதால், நடைமுறையில் 2 முதல் 3 மீற்றருக்கு ஒருமுறை பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரிந்தது பொய்யல்ல. சுற்றியிருக்கும் ஒளிக்கு ஏற்ப மூளை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கமரா அப்படிச் செய்வதில்லை, அல்லது தன் வைட் பேலன்ஸ் எல்லை வரை போய் அங்கேயே நின்றுவிடுகிறது.

பலர் மறப்பது ஒன்று உண்டு. ஆழம் மட்டும் கணக்கில்லை, கமராவுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள தூரமும் தண்ணீர்தான். 8 மீற்றர் ஆழத்தில் 4 மீற்றர் தள்ளி நிற்கும் மீனின் சிவப்பு 12 மீற்றர் தண்ணீரைக் கடந்துதான் உங்களிடம் வருகிறது. அதே மீனை அரை மீற்றரில் எடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

மாலைதீவில எடுத்த வீடியோ நீலமா இருக்கு, கொழும்பில எடுத்தது பச்சையா இருக்கு. கமரா பிழையா?

கமராவில் பிழை இல்லை, தண்ணீர் வேறு. முகத்துவாரத்தில் களனி கங்கை கடலில் சேர்கிறது. அது கொண்டுவரும் மண்ணும், அழுகிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும் பொருட்களும் நீல ஒளியை உறிஞ்சுகின்றன. கரையோர நீரில் வளரும் நுண்பாசியும் அதையே செய்கிறது. ஒரு பக்கத்தில் தண்ணீர் சிவப்பை எடுக்க, மறுபக்கத்தில் இவை நீலத்தை எடுக்க, நடுவிலிருக்கும் பச்சைதான் மிஞ்சுகிறது. மழைக்குப் பிறகு இது இன்னும் கூடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையிலான சுழியோடும் பருவத்திலேயே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நிறம் மாறிவிடும்.

அதனால்தான் இணையத்தில் நீலக் கடலுக்கென்று விற்கும் ‘கடலடி லட்’ என்ற ஆயத்த நிறத்திருத்தக் கோப்புகள் நம்முடைய வீடியோவில் மஞ்சளோ ஊதாவோ அடிக்கின்றன. அவை வேறொரு தண்ணீருக்குச் செய்யப்பட்டவை.

டெம்பரேச்சர் ஸ்லைடரை கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்துட்டன். அசிங்கமா மஞ்சளாத்தான் வருது, ஏன்?

அந்த ஸ்லைடர் வீட்டு மின்குமிழுக்கும் வெயிலுக்கும் இடையிலான வித்தியாசத்துக்குச் செய்யப்பட்டது. அங்கே மூன்று சேனலிலும் போதிய படம் இருக்கும், அளவு மட்டும் முன்பின் இருக்கும். கடலடியில் சிவப்புச் சேனலில் படமே ஏறக்குறைய இல்லை. இல்லாததைப் பெருக்கினால் புள்ளிதான் வரும்.

இரண்டாவது காரணம் மூட்டம். உங்களுக்கும் முருகைக்கல்லுக்கும் இடையிலுள்ள தண்ணீரே ஒளியைச் சிதறடித்துக் கமராவுக்குள் அனுப்புகிறது. நுவரெலியாவில் பனிமூட்டத்துக்குப் பின்னால் தெரியும் தேயிலை மலை போல, படத்தின் மேல் ஒரு நீலப்பச்சைத் திரை விழுந்திருக்கிறது. இது படத்தோடு கூட்டப்பட்ட ஒளி. கூட்டப்பட்டதைக் கழிக்கத்தான் வேண்டும், ஸ்லைடர் செய்வதோ பெருக்கல். கழிக்காமல் பெருக்கினால் திரையும் சேர்ந்து நிறம் மாறும். அந்த அசிங்கமான மஞ்சள் அதுதான்.

சரி, சிவப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கு எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்றது?

கண்ணால் மதிப்பிட வேண்டாம். ரிசால்வில் கலர் பக்கத்தில் ஸ்கோப்பைத் திறந்து `Parade` என்பதைத் தெரிவு செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோபுரங்களாகத் தெரியும். நிலத்தில் எடுத்த படத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். கடலடிப் படத்தில் பச்சையும் நீலமும் நடுவுக்கு மேலே நிற்க, சிவப்பு அடியில் சப்பையாக ஒட்டிக் கிடக்கும்.

பார்க்க வேண்டியது அந்தச் சிவப்புப் பட்டையின் தடிப்பு. மெல்லியதாக இருந்தாலும் அதற்குள் ஏற்ற இறக்கம் தெரிந்தால், அதாவது மீன் நிற்கும் இடத்தில் மேடும் நிழலில் பள்ளமும் இருந்தால், மீட்கலாம். ஒரே கோடாக, உருவமில்லாமல் கிடந்தால் அங்கே சிவப்பு இல்லை. அந்தக் கிளிப்பை நீலமாகவே விட்டு, மாறுபாட்டை மட்டும் கூட்டி அழகாக்குவது நல்லது. கறுப்பு வெள்ளையாக மாற்றுவதும் நல்ல தெரிவுதான், மூழ்கிய கப்பல் காட்சிகளுக்கு அது மிகவும் பொருந்தும்.

ஒரு கிளிப்பை வச்சு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் செஞ்சு காட்டுவீங்களா?

கல்கிசைக்கு வெளியே 12 மீற்றரில், டோர்ச் இல்லாமல், வைட் பேலன்ஸைப் பூட்டி எடுத்த ஒரு ஆக்‌ஷன் கமரா கிளிப்பை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு சுழியோடி வெள்ளை எழுதுபலகை பிடித்திருக்கிறார், பாறை இடுக்கில் ஒரு சிவப்பு சோல்ஜர் மீன், பின்னால் திறந்த தண்ணீர். பரேடில் படிக்கும் அளவுகள் நூற்றுக்கு இவ்வளவு: வெள்ளைப் பலகையில் சிவப்பு 14, பச்சை 68, நீலம் 64. மீனில் 11, 20, 21. திறந்த தண்ணீரில் 4, 55, 62. மிக இருண்ட பாறை நிழலில் 2, 10, 12. நிழல் கறுப்பாக இருக்க வேண்டிய இடம். அங்கே 10ம் 12ம் நிற்பது மேலே சொன்ன மூட்டம்.

ரிசால்வில் திருத்தத்தின் ஒவ்வொரு படியும் ஒரு நோட். முதல் நோடில் மூட்டத்தைக் கழியுங்கள். இதற்கு `Lift` அல்ல, `Offset` சக்கரம். `Lift` அடியை இறக்கும்போது மேலே உள்ளதைப் பிடித்து நீட்டிவிடும், `Offset` எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்தும். கழித்தல் என்பது அதுதான். சிவப்பில் 2, பச்சையில் 10, நீலத்தில் 12 இறங்கும்வரை மூன்று சேனலையும் தனித்தனியாகக் குறையுங்கள். இப்போது பலகை 12, 58, 52. மீன் 9, 10, 9. தண்ணீர் 2, 45, 50. படம் இருண்டுபோனதாகத் தோன்றும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது நோடில் `RGB Mixer`. `Preserve Luminance` குறியை எடுத்துவிடுங்கள். பலகை வெண்மையாக வர வேண்டுமென்றால் சிவப்பு 12இலிருந்து 52 பக்கம் வர வேண்டும். வெறுமனே பெருக்கினால் நாலு மடங்குக்கும் மேல். எட்டு பிட் வீடியோவில் அது புள்ளியும் கட்டமுமாக உடையும். அதனால் பாதியைப் பெருக்கியும் மீதியைப் பச்சையிடமிருந்து கடன் வாங்கியும் நிரப்புகிறோம். `Red Output` பகுதியில் R ஐ 2.00, G ஐ 0.50 ஆக்குங்கள். பலகையின் சிவப்பு 12இன் இரு மடங்கு 24, அதோடு 58இன் பாதி 29, மொத்தம் 53. `Green Output` பகுதியில் G ஐ 0.90க்கு இறக்கினால் பச்சை 52. நீலம் ஏற்கெனவே 52. பலகை வெள்ளையாகிவிட்டது.

மீனைப் பாருங்கள். சிவப்பு 18 கூட்டல் 5, ஆக 23. பச்சை 9, நீலம் 9. சாம்பலாகக் கிடந்த மீன் சிவந்துவிட்டது. பச்சையிடம் கடன் வாங்கியும் மீன் எப்படிச் சிவந்தது? சிவப்பு மீனில் பச்சை குறைவு, அதனால் அது வாங்கும் கடனும் குறைவு. இந்த முறை வேலை செய்வதே இதனால்தான். கடன் விகிதத்தை, அதாவது G ஐ, 0.70க்கு மேல் கொண்டுபோனால் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று பிரதி எடுக்கத் தொடங்கும். பிறகு படத்தில் மஞ்சளும் நீலமும் மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது நோடில் `Gain` ஐக் கூட்டி இருட்டைத் தூக்குங்கள். பலகையை 80 அளவில் நிறுத்தினால் போதும். நிறச்செறிவை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும், அதுவும் கொஞ்சம்.

நீங்க சொன்ன மாதிரியே செஞ்சன், மீன் நல்லா வந்திட்டு, ஆனா பின்னால கடல் தண்ணி ஊதா கலந்த சாம்பலா மாறிட்டே?

அப்படித்தான் மாறும். மேலே தண்ணீரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிவப்பு 2இன் இரு மடங்கு 4, பச்சை 45இன் பாதி 22.5, மொத்தம் 26.5. பச்சை 40.5, நீலம் 50. சிவப்பே இல்லாமலிருந்த தண்ணீருக்கு நாம் சிவப்பு கொடுத்துவிட்டோம். தண்ணீருக்கு அந்தக் கடன் தேவையில்லை. அது உண்மையிலேயே நீலம்.

மிக்சர் நோடில் `Qualifier` எடுத்து, திறந்த தண்ணீரின் மேல் சொடுக்கி அதைத் தெரிவு செய்து, தெரிவைத் தலைகீழாக்குங்கள். மிக்சர் தண்ணீரைத் தவிர்த்த மற்ற இடங்களுக்கு மட்டும் வேலை செய்யும். தெரிவின் ஓரத்தை நன்றாக மென்மையாக்க வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பைச் சுற்றி வெட்டியெடுத்த கோடு தெரியும். தெரிவு செய்யும் படம் முதல் நோடுக்குப் பிறகு வருவதாக இருக்கட்டும். மூட்டம் கழிந்த பிறகுதான் தண்ணீரும் பாறையும் பிரிந்து தெரியும்.

தண்ணீரும் முருகைக்கல்லும் பிரிக்க முடியாத அளவு ஒன்றாக இருந்தால், `Hue Vs Sat` வளைவில் ஊதாப் பகுதியை மட்டும் இறக்குங்கள். அது முழுத் தீர்வல்ல, ஆனால் கண்ணை உறுத்துவது ஊதாதான், அது போனால் படம் ஆறுதலாக இருக்கும். பார்க்கிறவர்களும் கடல் நீலமாக இருப்பதையே எதிர்பார்க்கிறார்கள். பின்னணி நீலமாக நின்றால்தான் முன்னாலுள்ள சிவப்பு எடுபடும்.

நிழல் பகுதியில எல்லாம் சிவப்புப் புள்ளி கொதிக்குது, கட்டம் கட்டமாவும் இருக்கு. அதை எடுக்க வழியிருக்கா?

எட்டு பிட் வீடியோவில் ஒவ்வொரு சேனலுக்கும் 256 படிகள். நம் கிளிப்பில் சிவப்பு மொத்தமாக 2இலிருந்து 14 வரைதான், அதாவது ஏறக்குறைய 30 படிகள். அதை இழுத்து விரிக்கும்போது படிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. போதாக்குறைக்குப் பெரும்பாலான ஆக்‌ஷன் கமராக்களும் போன்களும் நிற விபரத்தை ஒளி விபரத்தின் கால்வாசி நுணுக்கத்தில்தான் பதிகின்றன. அந்தக் கட்டங்கள் அங்கிருந்து வருகின்றன.

செய்யக்கூடியது இரண்டு. மிக்சரில் R ஐக் குறைத்து (2.00 இருந்தால் 1.50) G ஐ 0.60 வரை கூட்டுங்கள். பச்சைச் சேனல் எப்போதும் சுத்தமாக இருக்கும், அதனால் புள்ளி அடங்கும். விலையாக மீனின் சிவப்பு கொஞ்சம் மங்கும். அடுத்தது, நிழலில் மட்டும் நிறச்செறிவைக் குறைப்பது: `Lum Vs Sat` வளைவின் இடது முனையைக் கீழே இறக்கினால் புள்ளி இருந்தாலும் சிவப்பாகத் தெரியாது. இரைச்சல் நீக்கும் கருவி ரிசால்வின் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. அது இருந்தால் அதை முதல் நோடுக்கும் முன்னால் வையுங்கள், சிவப்பைப் பெருக்கிய பிறகல்ல.

அடுத்தமுறை கமராவில் பத்து பிட் வசதி இருந்தால் அதிலேயே எடுங்கள். கடலடிக்கு அது தரும் பலன் 4K தரும் பலனைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

டோர்ச் அடிச்சு எடுத்ததில கிட்ட இருக்கிற மீன் செம்மஞ்சளாவும் தூரத்தில எல்லாம் நீலமாவும் இருக்கு. எதைச் சரி செய்யிறது?

டோர்ச் ஒளி மீனுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். மீன் 1 மீற்றரில் நின்றால் 2 மீற்றர் தண்ணீர். அதற்குள் சிவப்பு பாதி. 2 மீற்றருக்கு அப்பால் டோர்ச்சின் சிவப்பு ஏறக்குறைய இல்லாதது போலத்தான். ஆக ஒரே சட்டத்துக்குள் இரண்டு விதமான ஒளி இருக்கிறது, ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது.

ஒளி பட்ட மீனுக்கு மிக்சர் வேண்டாம். அதைச் சுற்றி ஒரு `Power Window` போட்டு மென்மையாக்கி, அதற்கு வெளியே மட்டும் முழுத் திருத்தத்தில் பாதியளவு கொடுங்கள். மீன் நகர்ந்தால் ட்ராக்கர் பின்தொடரும். என் விருப்பத்தைக் கேட்டால், டோர்ச் காட்சிகளில் பின்னணியைத் தொடவே மாட்டேன். வைட் பேலன்ஸை டோர்ச்சுக்கு (பெரும்பாலும் 5600 கெல்வின் பக்கம்) பூட்டி எடுத்து, பின்னால் நீலமாகவே விட்டால் மீன் தனித்து நிற்கும்.

மேல இருந்து கீழ இறங்கிக்கொண்டே எடுத்த கிளிப்பில நிறம் போகப்போக மாறுது. எங்க நிப்பாட்டித் திருத்துறது?

மிக்சருக்கு கீஃப்ரேம் போடுங்கள், அதாவது வீடியோவின் சில இடங்களில் வெவ்வேறு எண்களைப் பதிந்துவையுங்கள், நடுவிலுள்ளதை மென்பொருள் தானே நிரப்பும். இறக்கத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று மட்டும் போட்டால் நடுப்பகுதி பிழைக்கும், ஏனென்றால் சிவப்பு நேர்கோட்டில் குறைவதில்லை. முதல் சில மீற்றரிலேயே பெரும்பங்கு போய்விடும். அதனால் மேலே நெருக்கமாகவும் கீழே ஐதாகவும் கீஃப்ரேம் வையுங்கள். 2, 4, 7, 12 மீற்றர் என்று வைத்தால் நன்றாக ஓடும். ஆழம் தெரியாவிட்டால் ஏதாவது சாம்பல் நிறப் பொருளைப் பின்தொடருங்கள். சுழியோடியின் முதுகிலுள்ள அலுமினியச் சிலிண்டர் நல்ல அடையாளம், அதற்கு நிறப்பூச்சு இல்லையென்றால்.

மணலை அடையாளமாக எடுக்க வேண்டாம். நம் கடற்கரை மணல் மஞ்சள் கலந்தது. அதைச் சாம்பலாக்கினால் மற்ற எல்லாமே நீலத்துக்குச் சாயும்.

சிவப்பு ஃபில்ட்டர் வாங்கினா இந்த வேலையெல்லாம் இல்லாமப் போகுமா?

குறையும், இல்லாமல் போகாது. ஃபில்ட்டர் சிவப்பை உண்டாக்குவதில்லை, நீலத்தையும் பச்சையையும் மறிக்கிறது. அவை அடங்கியதும் கமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது, அப்போது சிவப்புச் சேனலுக்கு அதிகப் படிகள் கிடைக்கின்றன. மேலே புள்ளி பற்றிச் சொன்ன பிரச்சினைக்கு இது நேரடியான மருந்து. பச்சைத் தண்ணீருக்குச் சிவப்பு ஃபில்ட்டர் பொருந்தாது, மஜெந்தா வேண்டும். கொழும்புக்கு வாங்குவதானால் மஜெந்தா, திருகோணமலைப் புறாத்தீவின் தெளிந்த தண்ணீருக்குச் சிவப்பு என்று நினைவில் வைத்தால் போதும்.

3 மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் ஃபில்ட்டர் படத்தைச் சிவப்பாக்கிவிடும். 20 மீற்றருக்குக் கீழே மறிக்க மட்டுமே செய்யும், மீட்க ஒன்றும் இராது. டோர்ச்சோடு சேர்த்துப் போடவே கூடாது. கமராவில் கையால் வைட் பேலன்ஸ் எடுக்கும் வசதி இருந்தால், ஃபில்ட்டர் வாங்குமுன் அதைப் பழகுங்கள்: ஒவ்வொரு 3 மீற்றருக்கும் ஒருமுறை வெள்ளைப் பலகையைக் காட்டி மீண்டும் எடுக்க வேண்டும்.

எங்கட வீட்டு மீன் தொட்டியும் நீலமாத்தான் வருது. இதே முறைதானா?

இல்லை, இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் லைட்டிலிருந்து மீன் வரைக்கும், மீனிலிருந்து கண்ணாடி வரைக்கும் சேர்த்து முக்கால் மீற்றர் தண்ணீர்கூட இராது. அதில் போகும் சிவப்பு ஐந்தில் ஒரு பங்குதான். தொட்டி நீலமாக வருவதற்குக் காரணம் தண்ணீரல்ல, லைட். கடல்மீன் தொட்டி லைட்டுகளில் 450 நானோமீற்றர் பக்கம் நிற்கும் நீல எல்.ஈ.டி.தான் பிரதானம். முருகைக்கல் ஒளிர்வதற்காகவே அப்படி வைக்கிறார்கள்.

கழிக்க மூட்டமும் இல்லை. அதனால் `Offset` வேலை இங்கே வேண்டாம். படம்பிடிக்கும் நேரத்துக்கு மட்டும் லைட்டின் வெள்ளைச் சேனலைக் கூட்டி நீலத்தைக் குறையுங்கள். தொட்டிக்குள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டை இறக்கி அதில் வைட் பேலன்ஸ் எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே முடிந்துவிடும்.

நன்னீர்த் தொட்டியில் மரக்கட்டை போட்டிருந்தால் அது எதிர்ப்பக்கம். கட்டையிலிருந்து ஊறும் சாயம் நீலத்தை உறிஞ்சித் தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். அதற்கு டெம்பரேச்சர் ஸ்லைடரே போதும்.

லைட்டை மாத்த ஏலாது, நீல வெளிச்சத்திலதான் எடுக்கோணும். சிவப்பு மீன் கறுப்பாத் தெரியுது, என்ன செய்யலாம்?

வெறும் நீல வெளிச்சத்தில் சிவப்பு மீன் திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பே இல்லை. அது கறுப்பாகத்தான் இருக்கும், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முருகைக்கல் மட்டும் பச்சையும் செம்மஞ்சளுமாகத் தெரிவது அது நீலத்தை வாங்கி வேறு நிறமாக உமிழ்வதால். அதை அழகாகப் பதிவதுதான் இங்கே செய்யக்கூடியது.

லென்சுக்கு முன்னால் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் ஃபில்ட்டர் வைத்தால் நீலம் அடங்கி அந்த ஒளிர்வு வெளியே வரும். ஃபில்ட்டர் இல்லாவிட்டால் வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். பரேடில் நீலக் கோபுரத்தின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அந்த இடத்தின் விபரம் போய்விட்டது, பிறகு நீலத்தை இறக்கினாலும் அங்கே சப்பையான திட்டுத்தான் இருக்கும். உச்சி வெட்டுப்படாமலிருக்கும்வரை குறையுங்கள், படம் இருண்டாலும் பரவாயில்லை.

கறுப்புக் கோடுகள் ஓடினால் அது நிறப் பிரச்சினை அல்ல. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், எனவே கமராவை PAL இல் வைத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லைட்டின் பிரகாசத்தை முழு அளவுக்குக் கூட்டிப் பாருங்கள். பல லைட்டுகள் மங்கலாக்கும்போதுதான் வேகமாக அணைந்து எரிகின்றன.

தெஹிவளை மிருகக்காட்சிசாலை தொட்டிகளில எடுக்கிறது இன்னும் பச்சையா வருதே?

சாதாரணக் கண்ணாடியில் இரும்பு கலந்திருப்பதால் அதற்கே ஒரு பச்சைச் சாயல் உண்டு. கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். தடித்த கண்ணாடி என்றால் சாயலும் கூட, சரிவாகப் படம்பிடித்தால் இன்னும் கூட. லென்சைக் கண்ணாடியோடு ஒட்டி நேராக வையுங்கள். பிரதிபலிப்பும் போகும். மீதிப் பச்சையை `Tint` ஐ மஜெந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தி எடுத்துவிடலாம், மிக்சர் தேவைப்படாது.

ஒரே டைவில எடுத்த நிறையக் கிளிப் இருக்கு. ஒவ்வொண்டாத் திறக்காமச் செய்ய ஏலாதா?

ஆழமும் தூரமும் ஒரே அளவாக இருந்தால் செய்யலாம். மேலே 12 மீற்றர் கிளிப்பில் போட்ட அதே கணக்கை, கட்டளை எழுதி இயக்கும் மென்பொருளான ffmpeg இல் இப்படி எழுதலாம்:

```
ffmpeg -i in.mp4 -vf "colorlevels=rimin=0.02:gimin=0.10:bimin=0.12:romax=0.98:gomax=0.90:bomax=0.88,colorchannelmixer=rr=2:rg=0.5:gg=0.9" -pix_fmt yuv420p -c:a copy out.mp4
```

முதல் பகுதி மூட்டத்தைக் கழிக்கிறது. `omax` எண்கள் அதை `Lift` போல நீட்டவிடாமல் `Offset` போல நடக்க வைக்கின்றன. இரண்டாவது பகுதி மிக்சர். `-pix_fmt yuv420p` ஐ விட்டால் சில போன்களில் வீடியோ ஓடாது. ஆனால் இது தண்ணீரைக் காப்பாற்றாது, ஊதா வரும். எந்தக் கிளிப்பைத் தெரிவு செய்வது என்று பார்ப்பதற்கான வரைவுப் பிரதியாகவே இதைப் பாவியுங்கள்.

அக்கா ஒருத்தி கேட்டவ: திருத்தின வீடியோவை வச்சு முருகைக்கல் வெளிறிட்டுது எண்டு முறைப்பாடு செய்யலாமா?

கூடாது. 1998இலும் 2016இலும் நம் கடலில் பெரிய வெளிறல் நடந்ததால் இதைக் கவனிப்பவர்கள் இப்போது அதிகம், அது நல்லது. ஆனால் நாம் சிவப்புச் சேனலில் பச்சையைக் கலந்திருக்கிறோம். பழுப்பு நிற முருகைக்கல் அதனால் வெளிறியது போலத் தெரியலாம். நிறச்செறிவைக் கூட்டினால் உண்மையில் வெளிறியதும் உயிருள்ளது போலத் தெரியலாம். மீன் இனத்தை நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்பதற்கும் இதே தடைதான்.

இதைச் சரியாகச் செய்ய ஒவ்வொரு புள்ளிக்கும் கமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். 2019இல் டெரியா அக்காய்னக்கும் தாலி ட்ரைபிட்சும் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ முறை அப்படித்தான் இயங்குகிறது: ஒரே இடத்தைப் பல கோணங்களில் எடுத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, தூரத்துக்கேற்ப மூட்டத்தைக் கழித்துச் சிவப்பைக் கூட்டுகிறது. நம்முடைய மிக்சருக்குத் தூரம் தெரியாது, முழுப் படத்துக்கும் ஒரே எண்தான்.

முறைப்பாட்டுக்கென்று எடுப்பதானால் வெள்ளை, சாம்பல், சிவப்புப் பட்டைகள் உள்ள ஒரு நிற அட்டையை முருகைக்கல்லுக்குப் பக்கத்தில், அதே தூரத்தில் வைத்துச் சில விநாடி பிடியுங்கள். டோர்ச்சை அரை மீற்றருக்குள் கொண்டுபோய் இன்னொரு தடவை எடுங்கள். திருத்தாத மூலக் கோப்பையே அனுப்புங்கள், ஆழத்தையும் திகதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி.